எது மாறுகிறது, எந்த மாதத்திலிருந்து? ஒரு வங்கிக் கட்டண அறிவிப்பைத் திருத்தி எழுதுதல்

2025-ஆம் ஆண்டு வங்கிக் கட்டணங்களைப் பற்றி அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. மே 1 முதல், இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் வங்கிகள் 23 ரூபாய் வரை வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. பொதுத்துறை வங்கிகளில் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி போன்றவை சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் வாங்கும் அபராதத்தைக் கைவிட்டன. ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதிதாகத் தொடங்கும் சேமிப்புக் கணக்குகளுக்கு மாத சராசரி இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தியது. சில நாட்களிலேயே அதை 15,000 ஆகக் குறைத்தது.

இந்தச் செய்திகளைப் படித்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது என் கணக்குக்கு உண்டா?" ஐசிஐசிஐ விஷயத்தில் பதில் "புதிய கணக்குகள்" என்ற சொல்லுக்குள் இருந்தது. அந்தச் சொல்லைக் கவனிக்காதவர்கள் வீணாகப் பயந்தார்கள். இன்னொரு பக்கம், தன் கணக்குக்கு உண்மையிலேயே பொருந்தும் மாற்றத்தை ஒரு குறுஞ்செய்தியாகப் பார்த்துவிட்டு, புரியாமல் அழித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியவருவது, பாஸ்புக்கில் பணம் பிடித்த வரியைப் பார்க்கும்போதுதான்.

வாடிக்கையாளருக்குப் படிக்கத் தெரியாததால் வரும் சிக்கல் இல்லை இது. அறிவிப்பு எழுதப்படும் விதத்தில்தான் கோளாறு. ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்து, அதில் எது மறைந்திருக்கிறது என்று பார்த்து, திருத்தி எழுதிப் பார்ப்போம்.

## வழக்கமாக வரும் அறிவிப்பு

கீழே உள்ளது எந்த வங்கியுடையதும் அல்ல. ஆனால் இந்த நடையை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

> மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்களுக்கு இணங்க, சேமிப்புக் கணக்குகளுக்கான சேவைக் கட்டணங்கள் 01.09 முதல் மாற்றியமைக்கப்படுகின்றன. இலவச வரம்புக்கு மேற்பட்ட ஏடிஎம் பரிவர்த்தனைகளுக்கு ரூ.23 வரை மற்றும் பொருந்தும் வரிகள் விதிக்கப்படும். மெட்ரோ கிளைகளில் மாத சராசரி இருப்பு ரூ.10,000 ஆகத் திருத்தப்படுகிறது. பராமரிக்கப்படாத நிலையில் பற்றாக்குறையின் 6% அல்லது ரூ.500, இவற்றில் எது குறைவோ அது, மற்றும் வரிகள் வசூலிக்கப்படும். மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும்.

இதில் பொய் எதுவும் இல்லை. சட்டப் பிரிவு பார்த்து ஒப்புதல் கொடுத்த வாசகமாகவே இருக்கும். ஆனால் படித்து முடித்தவருக்குத் தன் பணத்தில் எவ்வளவு போகும், எப்போது போகும், போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்ற மூன்றும் தெரியாது. பழைய தொகை என்னவென்றே இதில் இல்லை. 10,000 என்பது உயர்வா, குறைப்பா என்பதை வாடிக்கையாளர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

## மூன்று சொற்கள், மூன்று குழப்பங்கள்

1. "வழிகாட்டுதல்களுக்கு இணங்க." இப்படி எழுதினால் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, வங்கி வேறு வழியில்லாமல் கூட்டியது போலத் தெரியும். ஏடிஎம் கட்டணத்தில் ரிசர்வ் வங்கி சொன்னது உச்சவரம்பை மட்டும்தான்: 21 ரூபாயாக இருந்த வரம்பு 23 ஆனது. அதற்குள் எவ்வளவு வாங்குவது என்பது அந்தந்த வங்கியின் முடிவு. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதும் வங்கியே தீர்மானிக்கும் விஷயம். ஆகவே அறிவிப்பில் "23 ரூபாய் வரை" என்று எழுதுவதில் பயனில்லை. தான் வாங்கப்போகும் தொகை எது என்று வங்கிக்குத் தெரியும். அதை எழுத வேண்டும்.

2. "பொருந்தும் வரிகள்." வங்கிச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 23 ரூபாய்க்கு அது 4.14 ரூபாய். கணக்கிலிருந்து போவது 27.14. பாஸ்புக்கில் வரப்போகும் எண்ணும் அதுதான். அறிவிப்பில் 23, பாஸ்புக்கில் 27.14 என்று இருந்தால், ஏதோ தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிளையில் இருப்பவர் அதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

3. "மெட்ரோ." இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரே அறிவிப்பில் இதற்கு இரண்டு பொருள் இருக்கலாம்.

ஏடிஎம் விதியில் மெட்ரோ என்பது ஆறே ஊர்கள்: சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத். வேறு வங்கியின் ஏடிஎம் என்றால் இந்த ஆறு ஊர்களில் மாதத்துக்கு 3 முறை இலவசம், மற்ற ஊர்களில் 5 முறை. தன் வங்கி ஏடிஎம் என்றால் எங்கும் 5 முறை. இதில் கணக்கில் எடுப்பது ஏடிஎம் இருக்கும் இடத்தை. உங்கள் கிளை எங்கே இருக்கிறது என்பதை அல்ல. திருச்சியில் கணக்கு வைத்திருப்பவர் சென்னைக்கு வந்து வேறு வங்கி ஏடிஎம்மில் எடுத்தால் அவருக்கு 3 முறைதான்.

குறைந்தபட்ச இருப்பில் கதை வேறு. அங்கே பார்ப்பது கணக்கு இருக்கும் கிளையை. கிளைகளை மெட்ரோ, நகரம், சிறுநகரம், கிராமம் என்று பிரிப்பது மக்கள் தொகையை வைத்து. பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருந்தால் அது மெட்ரோ. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிய கோவை, மதுரை போன்ற ஊர்களின் கிளைகள் இந்தப் பட்டியலில் மெட்ரோ ஆகலாம். ஆனால் அங்கே உள்ள ஏடிஎம் மெட்ரோ ஏடிஎம் அல்ல! கோவைக்காரர் ஒருவர் "நம்ம ஊர் மெட்ரோ இல்லையே, ஐந்து முறை எடுக்கிறேனே" என்று நினைத்து இருப்பு விதியையும் தனக்கில்லை என்று விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. திருத்தி எழுதும்போது இந்தச் சொல்லையே எடுத்துவிடுவது நல்லது. வாடிக்கையாளரின் கிளை எது என்று வங்கிக்குத் தெரியும். அந்தக் கிளைக்கான தொகையை மட்டும் சொன்னால் போதும்.

## மாத சராசரி இருப்பு: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அறிவிப்பில் அதிகம் பாதிக்கும் வாக்கியம் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கணக்கில் எந்த நாளும் 10,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் முடியும்போது கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மாதம் முழுவதற்கும் கூட்டி, நாட்களால் வகுத்தால் வருவதுதான் மாத சராசரி இருப்பு.

30 நாள் உள்ள ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காரருக்கு முதல் தேதி பணம் வருகிறது. வாடகையும் செலவுகளும் போகப் போக இருப்பு குறைகிறது.

- 1 முதல் 5 வரை, 5 நாள், தினமும் 14,000: கூட்டினால் 70,000
- 6 முதல் 20 வரை, 15 நாள், தினமும் 6,000: கூட்டினால் 90,000
- 21 முதல் 30 வரை, 10 நாள், தினமும் 2,000: கூட்டினால் 20,000

மொத்தம் 1,80,000. அதை 30-ஆல் வகுத்தால் 6,000. இதுதான் இவருடைய மாத சராசரி. பழைய விதி 5,000 என்றால் இவருக்கு அபராதம் இல்லை. கடைசிப் பத்து நாள் 2,000 ரூபாய்தான் இருந்தது என்றாலும் இல்லை. புதிய விதி 10,000 என்றால் பற்றாக்குறை 4,000. அதில் 6 சதவீதம் 240 ரூபாய். 500-ஐவிடக் குறைவு என்பதால் 240-தான் கட்டணம். ஜிஎஸ்டி 43.20 சேர்த்து 283.20 ரூபாய் போகும்.

இதே ஆள் சென்னையில் வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை எடுக்கிறார் என்று வைப்போம். மூன்று இலவசம், இரண்டுக்குக் கட்டணம். முன்பு 21 வீதம் வரியோடு 49.56. இனி 23 வீதம் வரியோடு 54.28. கூடுதலாகப் போவது 4.72 ரூபாய்.

ஒரு பக்கம் 283 ரூபாய், இன்னொரு பக்கம் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. ஆனால் அந்த அறிவிப்பில் முதலில் வருவது ஏடிஎம் பற்றிய வாக்கியம். செய்தியில் வந்ததும், எளிதில் சொல்லக்கூடியதும் அதுதான் என்பதால் முதலில் போடுகிறார்கள். வாடிக்கையாளரின் பணம் எங்கே அதிகம் போகிறதோ அதுதான் மேலே வர வேண்டும்.

## "செப்டம்பர் 1 முதல்" என்றால் எந்த மாதம்?

ஏடிஎம் கட்டணத்துக்குத் தேதி தெளிவு. செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ எடுத்தால் புதிய கட்டணம். இலவச எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்கும். சராசரி இருப்புக்கு அப்படி இல்லை. சராசரி என்பது மாதம் முடிந்த பிறகே தெரியும். அப்படியானால் "செப்டம்பர் 1 முதல்" என்பது ஆகஸ்ட் மாத சராசரியைச் செப்டம்பரில் புதிய அளவுகோலால் அளப்பதா, செப்டம்பர் மாத இருப்பிலிருந்து தொடங்குவதா? மேலே உள்ள வாசகத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். முதல் பொருளில் படித்தால், முடிந்துபோன மாதத்துக்குப் புதிய விதி போடுவதாகிவிடும்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் இங்கே வாடிக்கையாளர் பக்கம் நிற்கின்றன. குறைந்தபட்ச இருப்பையோ அதற்கான அபராதத்தையோ மாற்றினால் ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்பாவது சொல்ல வேண்டும். அதோடு 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, இருப்பு குறைந்துவிட்டால் உடனே பணத்தைப் பிடித்துவிடக் கூடாது. குறைந்துவிட்டது என்று குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் முதலில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால்தான் கட்டணம். அந்தக் கட்டணமும் பற்றாக்குறைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகவும் கூடாது.

நம் கணக்குக்காரருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்: செப்டம்பரில் சராசரி குறைகிறது, அக்டோபர் முதல் வாரத்தில் எச்சரிக்கை வர வேண்டும், அதற்கும் ஒரு மாதம் கழித்து, நவம்பரில்தான் பணம் பிடிக்கலாம். இந்தத் தேதிகள் அவருக்கு மிகவும் முக்கியம். ஆனால் வழக்கமான அறிவிப்பில் இவை ஒருபோதும் இருப்பதில்லை. என் பார்வையில் இதுதான் அதன் ஆகப்பெரிய குறை.

## திருத்தி எழுதியது

அதே அறிவிப்பு, ஜூலை 15 அன்று மேலே சொன்ன கணக்குக்காரருக்கு அனுப்புவதாக:

> செப்டம்பர் 1 முதல் உங்கள் சேமிப்புக் கணக்கில் இரண்டு மாற்றங்கள்
>
> 4321 என்று முடியும் உங்கள் கணக்குக்கு இது பொருந்தும்.
>
> 1. மாத சராசரி இருப்பு: இப்போது ரூ.5,000. செப்டம்பர் மாதத்திலிருந்து ரூ.10,000. ஜூன் மாதத்தில் உங்கள் சராசரி ரூ.6,000. இதே அளவு இருப்பு தொடர்ந்தால் மாதம் ரூ.283.20 (வரி உட்பட) கட்டணம் வரும்.
>
> ஆகஸ்ட் வரை பழைய விதிதான். செப்டம்பரில் இருப்பு குறைந்தால் அக்டோபர் முதல் வாரத்தில் உங்களுக்குத் தெரிவிப்போம். அதன் பிறகு ஒரு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் சரிசெய்யாவிட்டால் நவம்பரில் கட்டணம் பிடிப்போம்.
>
> 2. ஏடிஎம்: இலவச எண்ணிக்கை மாறவில்லை. அதற்கு மேல் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ரூ.27.14 (வரி உட்பட). இப்போது ரூ.24.78.
>
> நீங்கள் செய்யக்கூடியவை: இருப்பைக் கூட்டலாம். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 31-க்குள் கிளையில் எழுதிக் கொடுத்தால் செப்டம்பரிலிருந்து புதிய விதி உங்களுக்கு வராது.

கடைசி வாக்கியம் ஒரு வாக்குறுதி. அதை எழுத வேண்டுமானால், ஆகஸ்ட் 31 அன்று வரும் விண்ணப்பத்தையும் அந்தத் தேதியிலிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்ள வங்கி உள்ளுக்குள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்ய முடியாவிட்டால் தேதியை ஆகஸ்ட் 15 என்று முன்னால் வைக்கட்டும். தேதியே இல்லாமல் விடுவதுதான் தவறு.

ஜூன் மாத சராசரியைப் போட்டதுதான் இங்கே பெரிய மாற்றம். எல்லோருக்கும் ஒரே வாசகம் அனுப்பினால் இது முடியாது. ஆனால் ஒவ்வொரு கணக்கின் சராசரியையும் வங்கியின் கணினி மாதாமாதம் கணக்கிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அபராதம் போடுவதே அதை வைத்துத்தான். பிடிப்பதற்குப் பயன்படும் எண்ணை எச்சரிப்பதற்கும் பயன்படுத்தலாம். சராசரி ஏற்கனவே 10,000-க்கு மேல் இருப்பவருக்கு "இந்த மாற்றத்தால் உங்களுக்கு இப்போது கட்டணம் வராது" என்ற ஒரு வரி போதும்.

குறுஞ்செய்தி என்றால் இடம் சுருக்கம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான். பல துண்டாகப் போனால் ஒரு துண்டுக்கு 67. "கி" என்பதில் "க" ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணப்படும். அதனால்தான் பல வங்கிகள் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகின்றன. ஆனால் தேவையானதைச் சுருக்கமாகச் சொல்ல முடியும்:

> செப்.1 முதல் 4321-இல் முடியும் உங்கள் கணக்கின் மாத சராசரி இருப்பு ரூ.10,000 ஆகிறது (இப்போது ரூ.5,000). ஜூன் மாத உங்கள் சராசரி ரூ.6,000. குறைந்தால் கட்டணம் உண்டு. மாற்று வழிகள்: கிளை அல்லது செயலி.

இது மூன்று துண்டுக்குள் அடங்கிவிடும். இதில் இணைப்பு எதுவும் வைக்காதது வேண்டுமென்றேதான். கட்டணம், அபராதம் என்று பயமுறுத்தி இணைப்பை அழுத்தச் சொல்லும் மோசடிச் செய்திகள் நிறைய வருகின்றன. உண்மையான வங்கிச் செய்தியும் அதே போல இருந்தால் வாடிக்கையாளர் எதை நம்புவார்?

## வழிகளைப் பெயரளவுக்குச் சொன்னால் போதாது

அறிவிப்போடு வரும் விரிவான பக்கத்தில் ஒவ்வொரு வழிக்கும் என்ன விலை என்பதும் இருக்க வேண்டும்.

1. இருப்பைக் கூட்டுவது. எப்போது தெரியவருகிறது என்பதைப் பொறுத்துச் சுமை மாறும். நம் கணக்குக்காரர் முதல் தேதியிலிருந்தே தினமும் 4,000 கூடுதலாக வைத்தால் சராசரி 10,000 ஆகிவிடும். 11-ஆம் தேதிதான் தெரிந்தது என்றால் மீதி 20 நாளும் 6,000 கூடுதலாக வேண்டும். 21-ஆம் தேதி என்றால் மீதி 10 நாளுக்கு 12,000! ஆகவே "உங்கள் சராசரி குறைவாகப் போகிறது" என்ற நினைவூட்டல் மாத நடுவிலாவது வர வேண்டும். 28-ஆம் தேதி அனுப்பினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

2. அடிப்படை சேமிப்புக் கணக்கு. மக்கள் இதை ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்பார்கள். குறைந்தபட்ச இருப்பு கிடையாது; வங்கிகள் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இலவசமாகப் பணம் எடுப்பதற்கு மாத வரம்பு உண்டு. இந்தக் கணக்கு இருந்தால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கவும் முடியாது. அடிக்கடி பணம் எடுப்பவர், மாற்றுவதற்கு முன் தன் வங்கியில் அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

3. கணக்கை முடிப்பது. தொடங்கி ஓராண்டுக்குள் முடித்தால் சில வங்கிகள் அதற்கும் கட்டணம் வாங்கும். அந்தத் தொகையும் அறிவிப்பில் வர வேண்டும். வாடிக்கையாளர் பக்கம் கவனிக்க வேண்டியது: கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், சமையல் எரிவாயு மானியம் எல்லாம் இந்தக் கணக்கோடு கட்டியிருந்தால், அவற்றைப் புதிய கணக்குக்கு மாற்றி, ஒரு தவணையாவது அங்கிருந்து போன பிறகுதான் பழையதை மூட வேண்டும். அவசரப்பட்டால் தவணை தவறி, 283 ரூபாயைவிடப் பெரிய தண்டம் வரும்.

கிரெடிட் கார்டு கட்டணம் மாறும்போது இதைவிடத் தெளிவான உரிமை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி, கட்டண உயர்வால் கார்டே வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவரிடம் அதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. அந்த வரியையும் கார்டு அறிவிப்புகளில் தேட வேண்டியிருக்கிறது.

## அனுப்பும் முன் ஒரு சோதனை

அறிவிப்பைத் தயாரித்தவர்களே படித்துப் பார்த்தால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். கிளையில் வரிசையில் நிற்கும் ஐந்தாறு பேரிடம் கொடுத்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்காமல் இப்படிக் கேட்க வேண்டும்:

1. உங்கள் கணக்கில் கடைசிப் பத்து நாள் 2,000 ரூபாய்தான் இருந்தது. கட்டணம் கட்டாயம் வருமா?
2. ஆகஸ்ட் மாதம் இருப்பு 6,000 தான். அதற்கு என்ன ஆகும்?
3. கட்டணம் வேண்டாம் என்றால் எந்தத் தேதிக்குள் எங்கே போவீர்கள்?

முதல் கேள்விக்கு "வராமலும் இருக்கலாம், சராசரியைப் பார்க்க வேண்டும்" என்பதே சரியான பதில். யாராவது "கட்டாயம் வரும்" என்று சொன்னால், சராசரி என்ற சொல் அங்கே வேலை செய்யவில்லை. மேலே போட்டது போன்ற சின்னக் கணக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டாவதில் தடுமாறினால் தேதி வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

ஏற்கனவே புரியாத அறிவிப்பு வந்து பணமும் போயிருந்தால், முதலில் கிளையிலோ வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவிலோ எழுத்தில் கேளுங்கள்: எந்த மாதத்துச் சராசரி, எவ்வளவு பற்றாக்குறை, முன்னறிவிப்பு அனுப்பிய தேதி எது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். புகாரில் வங்கியின் அறிவிப்பையும் பணம் பிடித்த வரி தெரியும் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். இரண்டிலும் உள்ள தேதிகளை வைத்தே ஒரு மாத அவகாசம் கொடுத்தார்களா என்று சொல்லிவிட முடியும்.